எட்டு மேஸ்திரிகளும் ஒரு முதலாளியும்

பி.காம். முதலாண்டுப் பிள்ளைகளுக்கு மேலாண்மைத் தத்துவங்கள் என்று ஒரு தாள் இருக்கிறது. அதில் இரண்டு பேரைத் தாண்டாமல் யாரும் பாஸாக முடியாது. ஒருவர் அமெரிக்காவில் இரும்பு ஆலையில் இஞ்சினியராக இருந்தவர். அவர் சொன்னது அறிவியல் மேலாண்மை. இன்னொருவர் பிரான்சில் ஒரு சுரங்கக் கம்பெனியையே தலைமையில் இருந்து நடத்தியவர். அவர் சொன்னது நிர்வாகக் கோட்பாடுகள். இரண்டையும் ஒப்பிட்டு எழுதுக என்று ஒரு பெரிய கேள்வி அநேகமாக வரும். அந்த இரண்டு பேரின் பெயரும் எங்கள் பிள்ளைகள் வாயில் படாத பாடு படும். அதனால் அக்கா அவர்களை இரும்புக்காரர், சுரங்கக்காரர் என்றே சொல்வாள்.

அக்கா என்றால் கூடப்பிறந்தவள் இல்லை. தென்காசியில் ஒரு கல்லூரியின் சுயநிதிப் பிரிவில், வணிகவியல் துறையில் எனக்கு முன்பே சேர்ந்தவள். கீழப்பாவூரில் இருந்து பஸ்ஸில் வருவாள். வீட்டுக்காரர் வயலும் பார்ப்பார், ரைஸ்மில்லில் கணக்கும் பார்ப்பார். ஒரு மகள். ஸ்டாஃப் ரூமில் என் நாற்காலியும் அவள் நாற்காலியும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. நான் எடுத்தெறிந்து பேசுகிறவள், அவள் சிரித்துக்கொண்டே பேசுகிறவள். எப்படி ஒத்துப்போயிற்று என்று எனக்கே தெரியாது.

நான் பாடம் நடத்துவது எல்லாரையும் போலத்தான். போர்டின் நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் அறிவியல் மேலாண்மை, வலது பக்கம் நிர்வாகக் கோட்பாடுகள். அது தொழிலாளியின் வேலையைப் பார்க்கிறது, இது மொத்த நிறுவனத்தையும் பார்க்கிறது. அது கீழே இருந்து மேலே போகிறது, இது மேலே இருந்து கீழே வருகிறது. அது சோதனை செய்து, அளந்து கண்டது. இது வாழ்நாள் அனுபவத்தில் கண்டது. அது உற்பத்தி நடக்கிற இடத்துக்குப் பொருந்தும், இது கோவில் கமிட்டி முதல் பட்டாளம் வரை எங்கேயும் பொருந்தும். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், மனப்பாடம் பண்ணுவார்கள், பாஸாவார்கள். யாருக்கும் ஒரு கஷ்டமும் இல்லை.

அக்கா அப்படி நடத்த மாட்டாள். ஒவ்வொரு பாயிண்டுக்கும் பிள்ளைகள் தங்கள் ஊரில் இருந்து ஒரு உதாரணம் கொண்டுவர வேண்டும். உதாரணம் இல்லையா, ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும். இரண்டும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளையை எழுப்பி நிறுத்தி, "என்னட்டி, வாய வீட்லயே வச்சிட்டு வந்திட்டியா?" என்பாள். வகுப்பே சிரிக்கும். அடுத்த நாள் அந்தப் பிள்ளை எப்படியாவது ஒரு கேள்வியோடு வந்துவிடும்.

ஒருமுறை அவள் வகுப்பைத் தாண்டிப் போகும்போது காதில் விழுந்தது.

"பார்டர் பரோட்டாக் கடையில நின்னு பாத்திருக்கியளா? மாவு பெசையுதவரு வேற, வீசுதவரு வேற, கல்லுல போடுதவரு வேற. வீசுதவரு கை எப்படிப் போகுது, அதுல எது வெட்டி அசைவு, எப்பிடி வீசுனா அலுப்பு தெரியாம நெறைய வீசலாம், கூட வீசுனவருக்குக் கூடக் கூலி குடுக்கலாமா, இதையெல்லாம் கூடவே நின்னு பாத்தா அது இரும்புக்காரரு. கல்லாவுல உக்காந்துக்கிட்டு, நாளைக்குச் சாரல் விழுந்தா எவ்வளவு கூட்டம் வரும், யாரு யாரு பேச்சக் கேக்கணும், ரெண்டு பேரு மல்லுக்கு நின்னா யாரு தீத்து வைக்கணும்னு பாத்தா அது சுரங்கக்காரரு. ரெண்டு பேருக்கும் ஆச ஒண்ணுதான், கட நல்லா நடக்கணும். நிக்குத எடம்தான் வேற."

நான் போர்டு நிறைய எழுதிப்போடுவதை அவள் ஒரு பரோட்டாவில் முடித்துவிட்டாள். எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. அதை அவளிடமே சொன்னேன். "ஏட்டி போ, ஒனக்குப் பசி, அதான் புடிச்சிருக்கு" என்றாள்.

சுயநிதிப் பிரிவு என்பதை வெளியே இருக்கிறவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். ஒரே கட்டடம், ஒரே பிள்ளைகள், ஒரே பாடம். ஆனால் அரசு உதவிபெறும் பிரிவில் இருக்கிறவர்களுக்கு நிரந்தர வேலை. எங்களுக்கு ஏப்ரலோடு ஆர்டர் முடியும். ஜூனில் கூப்பிட்டால் வேலை. கூப்பிடாவிட்டால், போன வருஷத்தோடு முடிந்தது என்று நாமே புரிந்துகொள்ள வேண்டும். சுரங்கக்காரரின் பதினான்கு கோட்பாடுகளில் பணி நிலைப்புத்தன்மை என்று ஒன்று உண்டு. ஆட்களை அடிக்கடி மாற்றாதே, ஒருவர் வேலையில் ஊன்றுவதற்கு நாள் கொடு என்பது அதன் பொருள். ஒவ்வொரு வருஷமும் அதை நடத்துகிறவள் ஒரு வருஷ ஆர்டரில் இருந்த அக்காதான். அந்த ஒரு கோட்பாட்டுக்கு மட்டும் அவள் பிள்ளைகளிடம் உதாரணம் கேட்டதில்லை.

எங்களுக்கு எத்தனை பேர் முதலாளி என்பதும் எங்களுக்கே தெரியாது. துறைத்தலைவர் ஒரு வேலை சொல்வார். தேர்வுப் பிரிவு ஒரு வேலை சொல்லும். ஆபீஸ் ஒரு வேலை சொல்லும். பிளஸ்டூ பரீட்சை நேரம் வந்தால், பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், எங்கள் கல்லூரியில் சேருங்கள் என்று நோட்டீஸ் கொடுக்கிற வேலையும் உண்டு. திருவேங்கடம் பக்கத்துக் கரிசல் ஊர்களில் மண்டை காய அலைந்துவிட்டு, மோர் கடையில் நிற்கும்போது அக்கா சொல்வாள், "பி.எச்.டி. பண்ணுன காலு இது, பாத்துக்க." எனக்குக் கோபம் வரும். அவளுக்குச் சிரிப்பு வரும்.

சீசன் நேரத்தில் ஒரு சனிக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் குற்றாலத்துக்குப் போயிருந்தோம். சாரல் விழுந்துகொண்டே இருந்தது. மெயின் அருவியில் பெண்கள் வரிசை பாலம் வரைக்கும் நின்றது. ஒரு போலீஸ்காரர் விசில் அடித்து, போகலாம் என்று கையைக் காட்டினார். பத்தடி தள்ளி நின்ற இன்னொருவர், நில்லுங்க என்று கையை நீட்டினார். முன்னால் போனவர்கள் திரும்பினார்கள், பின்னால் வந்தவர்கள் முட்டினார்கள், எண்ணெய் தேய்த்திருந்த ஒரு ஆச்சி வழுக்கி என் மேலேயே விழுந்தாள். அக்கா ஈரத் தலையோடு என் காதில் கத்தினாள்.

"பாத்தியா! ஒருத்தனுக்கு ஒரு அதிகாரிதான் உத்தரவு போடணும்னு சுரங்கக்காரரு சும்மாவா சொன்னாரு? கட்டளை ஒருமைப்பாடு போச்சு, ஆச்சி விழுந்திட்டா!"

"எக்கா, குளிக்க வந்த எடத்துலயுமா பாடம்? சும்மா கெட."

"திங்கக்கெழம க்ளாஸுக்கு எக்சாம்பிள் கெடச்சிட்டுல்லா."

அந்தத் திங்கட்கிழமை அவள் அதை அப்படியே சொன்னாள். பிள்ளைகள் அதைப் பரீட்சையில் எழுதினார்கள். மற்றவர்கள் கோடு போட்டு எழுதிய விடைகளுக்கு நடுவில் விழுந்த ஆச்சியும் போலீஸ்காரரும் வந்தார்கள் என்று, மதிப்பீட்டு முகாமுக்குப் போன ஒருவர் வந்து சொன்னார். மார்க் முழுசாகப் போட்டாராம்.

இதெல்லாம் நல்ல நாட்கள். இப்போது கெட்ட நாளைச் சொல்ல வேண்டும்.

ஒரு வியாழக்கிழமை காலை முதல் மணிக்கு அக்காவுக்கு முதலாண்டு வகுப்பு. துறைத்தலைவர் போட்ட டைம்டேபிள் அது. அதே மணிக்கு மூன்றாமாண்டுப் பரீட்சைக்குக் கண்காணிப்பாளராக வரச் சொல்லித் தேர்வுப் பிரிவில் இருந்து சீட்டு வந்தது. அவள் தேர்வு அறைக்குக் கிளம்பும்போது, கல்லூரியை நடத்துகிற செயலரின் ஆபீஸில் இருந்து போன். கடையநல்லூர் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் அன்றைக்கு மட்டும்தான் நேரம் தந்திருக்கிறாராம், வேன் நிற்கிறது, உடனே ஏறு என்று. செயலர் ஆபீஸ் சொன்னால் யார் மறுப்பது? ஏறிவிட்டாள். சாயங்காலம் திரும்பி வந்தபோது மேஜையில் இரண்டு மெமோ இருந்தன. வகுப்புக்குப் போகாததற்கு ஒன்று, கண்காணிப்புக்கு வராததற்கு ஒன்று. இரண்டுக்கும் விளக்கம் எழுதிக் கொடுத்தாள். மன்னிப்பும் கேட்டாள். எதற்கு மன்னிப்பு என்று நான்தான் கத்தினேன். அவள் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

அதற்கு அடுத்த மாதம் அந்த அறிவிப்பு வந்தது. உதவிபெறும் பிரிவில் ஒருவர் ஓய்வுபெற்ற இடம் காலி. வணிகவியலில் ஒரே ஒரு நிரந்தரப் பணியிடம். அதற்கு அடுத்தவர் ஓய்வுபெற எத்தனையோ வருஷம் கிடக்கிறது. அதற்குள் அக்காவுக்குத் தலை முழுக்க நரைத்துவிடும். எல்லாருக்கும் தெரியும், இது அவளுடைய இடம். அவளுக்கும் தெரியும். விண்ணப்பம் போட்டுவிட்டு வந்த அன்றைக்கு ஸ்டாஃப் ரூமில் யாரும் இல்லாத நேரம் பார்த்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, இது மட்டும் கெடச்சிட்டுன்னா, மே மாசம் நான் தூங்குவேன். வேற ஒண்ணும் வேண்டாம். ஜூன்ல கூப்புடுவாகளா மாட்டாகளான்னு முழிச்சிக்கிட்டு கெடக்காம தூங்குவேன்."

நானும் விண்ணப்பித்திருந்தேன். தகுதி இருந்தது, விண்ணப்பிக்காமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள். அவளே என்னைப் போடச் சொன்னாள். "கூட ஒருத்தி இருந்தா எனக்குத் தைரியம்" என்றாள். சும்மா பேருக்குத்தான் நான் என்று இரண்டு பேரும் நினைத்திருந்தோம்.

நேர்முகத் தேர்வு அன்றைக்கு முதலில் மாதிரி வகுப்பு. எங்கள் முதலாண்டுப் பிள்ளைகளையே உட்கார வைத்திருந்தார்கள். பின்வரிசையில் செயலரும் முதல்வரும் பல்கலைக்கழகத்தில் இருந்து வந்த பாட வல்லுநரும். தலைப்பு எல்லாருக்கும் ஒன்றுதான். அறிவியல் மேலாண்மையையும் நிர்வாகக் கோட்பாடுகளையும் ஒப்பிட்டு நடத்து. கேட்டதும் அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

எனக்கு முதலில். போர்டின் நடுவில் கோடு போட்டேன். இடது பக்கம், வலது பக்கம். நேரம் முடிகிறபோது போர்டும் முடிந்தது. கேள்வி உண்டா என்று பிள்ளைகளைக் கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. வல்லுநர் கொட்டாவி விட்டதை நான் பார்த்தேன். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து வராண்டாவில் நின்றேன். ஜன்னல் திறந்திருந்தது.

அக்கா உள்ளே போனதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பரோட்டாக் கடை வந்தது. பாட வல்லுநர் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். அப்புறம் அவள் இரண்டு பேரும் நேருக்கு நேர் மோதுகிற இடத்துக்கு வந்தாள். இந்தப் பாடத்தின் உயிரே அந்த இடம்தான்.

"இரும்புக்காரர் ஒரு தொழிலாளிக்கு எட்டு மேஸ்திரி வைக்கச் சொன்னார். நாலு பேர் திட்டம் போடுதவங்க, நாலு பேர் பட்டறையில நிக்குதவங்க. ஒருத்தர் வேகத்தைப் பார்ப்பார், ஒருத்தர் ரிப்பேரைப் பார்ப்பார், ஒருத்தர் தரத்தைப் பார்ப்பார். ஒரு ஆளுக்கே எல்லாம் தெரியாது, அதனால அவங்கவங்களுக்குத் தெரிஞ்சதை அவங்கவங்க சொல்லட்டும்னார். சுரங்கக்காரர் கூடாதுன்னார். ஒருத்தனுக்கு ஒரே முதலாளி. ரெண்டு பேர் உத்தரவு போட்டா அதிகாரமும் கெடும், ஒழுங்கும் கெடும், வேலையும் கெடும்னார்."

அப்போது நடுவரிசையில் ஒரு பெண்பிள்ளை கையைத் தூக்கியது. கெட்டிக்காரி. ஒரு நாள்கூடக் கேள்வி இல்லாமல் வந்தது கிடையாது. அக்கா வளர்த்த வாய் அது.

"மிஸ், முந்தி ஒரு நாள் எங்க க்ளாஸுக்கு வராம போனீங்கல்லா? பரீட்ச ட்யூட்டியும் அன்னைக்குத்தான்னு சொன்னாங்க. அது எந்த மொறையில வரும் மிஸ்? எட்டு மேஸ்திரியா, ஒரு முதலாளியா?"

வராண்டாவில் நின்ற நான் ஜன்னலுக்குப் பக்கத்தில் போனேன். சொல்லிவிடாதே, நல்ல கேள்வி, அப்புறம் பேசலாம் என்று சொல்லு, உட்காரச் சொல்லு என்று மனசுக்குள் கத்தினேன். அக்கா சாக்பீஸைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றாள். பின்வரிசையை ஒரு தரம் பார்த்தாள். அந்தப் பிள்ளையைப் பார்த்தாள். அந்தப் பிள்ளை பதிலுக்காகப் பேனாவைத் திறந்து வைத்திருந்தது.

"நல்ல கேள்வி. எல்லாரும் எழுதிக்கோங்க. எட்டு மேஸ்திரி முறையில ஒரே விஷயத்துக்கு ரெண்டு மேஸ்திரி கிடையாது. வேகத்துக்கு ஒருத்தர்னா ஒருத்தர்தான். அன்னைக்கு எனக்கு நடந்தது அது இல்ல. ஒரே மணிக்கு மூணு பேர் என்னை மூணு இடத்துக்குப் போகச் சொன்னாங்க. ஒரு இடத்துக்குப் போனேன். போகாத ரெண்டு இடத்துக்கும் மெமோ எனக்கு வந்தது. அப்போ அது இரும்புக்காரர் முறையும் இல்ல, சுரங்கக்காரர் முறையும் இல்ல. ரெண்டு பேரும் எதை ஒழிக்கணும்னு பாடுபட்டாங்களோ அதுதான் அது."

பிள்ளைகள் கைதட்டிவிட்டார்கள். பாட வல்லுநர் வாய்விட்டுச் சிரித்தார். முதல்வர் தரையைப் பார்த்தார். செயலர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். அதைப் பார்த்ததுமே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான் அவளை வைதுகொண்டே போனேன். "ஒனக்குக் கிறுக்காக்கா புடிச்சிருக்கு? பார்டர் கட இருக்கு, அருவி இருக்கு, போலீஸ்காரன் இருக்கான், ஊர்ல எக்சாம்பிளுக்கா பஞ்சம்? அந்த மனுசன் மூஞ்சிக்கு நேரா அவரு காலேஜயே எடுத்து வைக்கணுமா? வேலை போச்சுன்னா யாருக்கா தருவா?"

அவள் என்னோடு சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை.

"நான் சொல்லணும்னு போகலட்டி. அந்தப் பிள்ள கேட்டிட்டு. கேள்வி கேளுன்னு வருசம் பூரா சொன்னது நான்தானே? கேக்கும்போது வேற என்னத்தச் சொல்ல? தப்பா சொல்லிக் குடுக்க முடியுமா? பரீட்சையில அப்பிடியே எழுதிப்போடும்லா அது."

அவள் ஏற வேண்டிய பாவூர்சத்திரம் பஸ் வந்தது. ஏறும்போது, "பாடம் சரியாத்தானே நடத்துனேன்?" என்று கேட்டாள். சரியாகத்தான் நடத்தினாய் என்று சொன்னேன். அவள் முகத்தில் அப்போதுகூட ஒரு நம்பிக்கை இருந்தது. வல்லுநர் சிரித்தாரே, நல்ல மார்க் போட்டிருப்பாரே என்ற நம்பிக்கை. என்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆர்டர் எனக்கு வந்தது.

கையெழுத்துப் போடப் போன அன்றைக்கு செயலர் உட்காரச் சொன்னார். காபி வந்தது. அவர் கெட்ட மனுஷர் இல்லை, எனக்குத் தெரிந்தவரை யாருக்கும் வேண்டுமென்று கெடுதல் செய்கிறவரும் இல்லை. "உங்க க்ளாஸ் நீட்டா இருந்ததும்மா. போர்டு வொர்க் நல்லா இருந்தது. தேவையில்லாத பேச்சு ஒண்ணும் இல்ல" என்றார். காபியை அப்படியே மேஜையில் வைத்தேன். வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன் என்று கதைகளில் எழுதலாம். என் வீட்டில் இரண்டு பிள்ளைகள், படுத்த படுக்கையாக மாமனார். நான் வேண்டாம் என்றாலும் அந்த இடம் அக்காவுக்குப் போகாது என்பதும் எனக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்து சைக்கிள் ஸ்டாண்டில் நின்று அழுதேன். சந்தோஷமும் இருந்தது அந்த அழுகையில். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஜூனில் அக்காவைக் கூப்பிடவில்லை. காரணம் யாரும் சொல்லவில்லை. புது டைம்டேபிளில் அவள் பெயர் இருந்த கட்டங்களில் என் பெயர் இருந்தது. முதலாண்டு, மேலாண்மைத் தத்துவங்கள், முதல் மணி.

அவளுக்கு நான் போன் பண்ணினேன். எடுக்கவில்லை. குற்றாலத்தில் அவள் வீட்டுக்காரரின் சொந்தக்காரர் ஒருவர் நடத்துகிற லாட்ஜில் சீசனுக்கு மட்டும் ஆபீஸ் பார்க்கிறாள் என்று கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். மலை முழுக்க மேகம் இறங்கியிருந்தது. ஐந்தருவி ரோட்டில் கார்கள் நகர முடியாமல் நின்றன. லாட்ஜ் வாசலில் ஈரத்துண்டுகள் வரிசையாகத் தொங்கின. உள்ளே மேஜைக்குப் பின்னால் அவள் நின்றிருந்தாள். ஒரு குடும்பத்துக்குச் சாவி எடுத்துக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

நான் என்ன பேசுவது என்று பஸ்ஸில் எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். எக்கா என்று மட்டும் சொன்னேன்.

"உள்ள வா. நனைஞ்சிட்டியே." ஒரு துண்டை எடுத்துத் தந்தாள். தலையைத் துவட்டினேன். லாட்ஜ் பையனிடம் டீ வாங்கி வரச் சொன்னாள். என் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள், மாமனாருக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். கல்லூரியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"எக்கா, என் மேல கோவமா? ரெண்டு வார்த்த வைதாவது விட்டிரு. இப்பிடி இருக்காத."

அவள் மேஜையில் கிடந்த சாவிகளை எடுத்து ஆணியில் மாட்டினாள். அப்புறம் சொன்னாள்.

"கோவம் இல்லட்டி. நீ என்ன பண்ணுவ? ஒனக்குக் கெடச்சதுல எனக்குச் சந்தோசம்னு சொல்லணும்னு ஆர்டர் வந்த அன்னைக்கே ஒனக்குப் போன் போட எடுத்தேன். சொல்ல வாய் வரல. தெனமும் எடுத்துப் பாத்தேன். இப்பமும் நீ வந்து நிக்க. இப்பமும் வர மாட்டேங்கு. பொய் சொல்ல எனக்குத் தெரியாது, அது ஒனக்கே தெரியும்லா. அதனால நீ இனிமே வராத. சொல்ல முடிஞ்சா நானே வருவேன்."

டீ வந்தது. இரண்டு பேரும் குடித்தோம். மேலே இருந்து யாரோ சுடுதண்ணீர் வரவில்லை என்று கத்தினார்கள். அவள் எழுந்து போனாள். நான் துண்டை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். அதற்கப்புறம் ஒரு சீசன் போய், அடுத்த சீசனும் வந்துவிட்டது. அவள் வரவில்லை.

வேலை இப்போது நிரந்தரம். மே மாதம் சம்பளம் வருகிறது. தூக்கம் வருவதில்லை.

இந்த வருஷமும் முதலாண்டுக்கு அந்தப் பாடத்தை எடுத்தேன். போர்டின் நடுவில் கோடு போட்டேன். எட்டு மேஸ்திரிகள் ஒரு பக்கம், கட்டளை ஒருமைப்பாடு ஒரு பக்கம். உதாரணத்துக்கு ஒரு பேங்க் மேனேஜரைச் சொன்னேன். எல்லாப் புத்தகத்திலும் இருக்கிற மேனேஜர்தான் அவர், யாருக்கும் சொந்தக்காரர் இல்லை. மூன்றாவது பெஞ்சில் ஒரு பையன் எதையோ கேட்கப் போகிறவனைப் போல நிமிர்ந்தான். கை பாதி தூரம் வந்தது. என் முகத்தில் என்ன இருந்ததோ, கையை இறக்கிக் கழுத்தைச் சொறிந்துகொண்டான்.

என் வகுப்பில் யாரும் கேள்வி கேட்பதில்லை. எல்லாரும் பாஸாகிவிடுகிறார்கள்.